நம்ம லிஸ்டிங்கில் 202 கிரேடு டப்பாவை ஏற்றிய விற்பனையாளர்: வழி சொல்லுங்க

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருந்து நாங்க ஆன்லைனில் விற்பது 304 கிரேடு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதே லிஸ்டிங்கில் வேறொருவர் விலையைக் குறைத்து 202 கிரேடு டப்பாவை அனுப்புகிறார். "துரு பிடிக்குது" என்ற ஒற்றை ஸ்டார் ரிவ்யூ எல்லாம் எங்க தலையில்.

அவரிடமே ஒன்று ஆர்டர் போட்டாச்சு. பார்சல் லேபிள், பில், டப்பாவின் அடிப்பக்கம் எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல் இருக்கு. காந்தம் இதுக்கு உதவாது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. மாங்கனீஸ் சோதனைச் சொட்டு விட்டு பேட்டரி வைத்ததில் அவர் டப்பா சிவந்தது, நம்மது சிவக்கலை. எங்க பிராண்ட் முத்திரையும் அதில் இல்லை.

விலையைக் குறைத்து மோதப் போவதில்லை; லாபம்தான் கரையும். கிடங்கில் சரக்கு கலக்காமல் இருக்க எங்க பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டோம்.

கேள்வி இரண்டு. டிரேட்மார்க் இன்னும் விண்ணப்ப நிலையில்தான். இந்த ஆர்டர் எண்ணோடு "லிஸ்டிங்கில் சொன்ன பொருள் வரவில்லை" என்று புகார் கொடுத்தால் எடுபடுமா? அவர் சரக்குக்கு வந்த ரிவ்யூக்களை யாராவது நீக்க வைத்திருக்கீங்களா? என்ன ஆதாரம் கேட்டாங்க?