முற்பகல் நேரமும் குளத்தங்கரையும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

காப்பகப் பொறுப்பாளர்: குளங்கள் நிறைந்த ஒரு கிராமத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். காலை 9 மணிக்குத் திறந்து பிற்பகல் 1 மணிக்கு மூடுகிறோம். வங்கதேசக் கிராமங்களில் 'ஆஞ்சல்' என்ற பெயரில் நடக்கும் காப்பகங்களின் நேரம் இது. வீட்டுப் பெரியவர்கள் சமையலிலும் வயலிலும் மூழ்கியிருக்கும் முற்பகலில்தான், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் வாசலை அடுத்த நீர்நிலையில் அதிகம் விழுகிறார்கள் என்று அங்கே கண்டறிந்தார்கள். காப்பகத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

காப்பகத்துக்கு வந்த குழந்தையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வராத குழந்தைதான் என் கவலை. 9.30 மணிக்குள் ஒரு குழந்தை வராவிட்டால் உதவியாளர் அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவார். அப்படி ஒருநாள் போனபோது, விருந்தினர் வந்திருந்த வீட்டில் குழந்தை பாட்டியிடம் இருப்பதாகத் தாயும், தாயிடம் இருப்பதாகப் பாட்டியும் நினைத்திருக்க, அது குளத்தின் கடைசிப் படியில் குந்தி, மிதந்து வந்த இலையை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தது. வீட்டில் ஆள் கூடுகிற நாட்களில் வருகைப் பதிவேட்டில் விடுப்பும் கூடுகிறது. ஆபத்தும் அந்த நாட்களில்தான் அதிகம். திரும்ப அனுப்பும்போதும் பெரியவரிடம் மட்டுமே ஒப்படைக்கிறோம். ஏழு வயது அக்காவோடு அனுப்பினால், இருவரும் வழியில் கால் கழுவக் குளத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

பழைய நீச்சல்காரர்: இத்தனை ஏற்பாடு எதற்கு என்று புரியவில்லை. மூன்று வயதிலேயே இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிப் பழக்கினால் பயம் போய்விடும். தவறி விழுந்தாலும் குழந்தை அலறும், கைகால் அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள். என் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள்.

நீச்சல் பயிற்றுநர்: ஐயா, பயம் போவது பாதி உண்மை, ஆனால் நீந்தத் தெரியாமல் பயம் மட்டும் போவதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே நீச்சல் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. விழுந்த குழந்தை அலறும் என்பதை நம்ப வேண்டாம். மூச்சு விடவே வாய் நீருக்கு மேல் நிற்காதபோது குரல் எங்கிருந்து வரும்? பல நேரம் அடுத்த அறையிலிருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை.

நாங்கள் குளத்துக்குள் மூங்கில் மேடை அமைத்து, நாற்புறமும் தடுப்புக் கட்டி, குழந்தையின் மார்பளவு நீரில் தொடங்குகிறோம். 25 மீட்டர் நீந்துவதும் 30 விநாடி மிதப்பதும் தேர்ச்சிக்கான அளவு. தெளிந்த நீரில் நன்றாக நீந்திய ஒரு சிறுமி, மேடைக்கு வெளியே காலில் பாசி பட்டவுடன் அப்படியே உறைந்துபோனாள். அதிலிருந்து கடைசி வகுப்புகளை உடுத்திய துணியோடு, கலங்கிய நீரில் நடத்துகிறேன். தோழி மூழ்கினால் குதிக்காமல், கரையில் படுத்துக் கம்போ துணியோ நீட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்குகிறேன். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராக மூழ்கிய செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

ஒரு தாய்: எங்கள் ஊரில் குளமும் இல்லை, கிணறும் இல்லை. ஆனால் தவழும் வயதில் என் மகன் குளியலறை வாளியில் தலைகுப்புற விழுந்துவிட்டான். உடனே தூக்கியதால் பிழைத்தான். அந்த வயதில் தலைதான் கனமாம், தானாக எழ முடியாதாம். இதையும் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை.

காப்பகப் பொறுப்பாளர்: கட்டாயம் எழுதலாம், அம்மா. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்குமாறு தாய்மார்கள் கூட்டத்தில் இனிச் சொல்கிறேன்.

கொத்தனார்: கிணற்றுக்குச் சுவர் எழுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டரை அடிச் சுவரைத் துவைக்கும் கல் ஒன்று ஓரடிச் சுவராக்கிவிடும். ஒரு வீட்டில் நான் போட்ட இரும்புக் கம்பி மூடியை மோட்டார் பழுது பார்க்க வந்தவர்கள் கழற்றிச் சாத்தி வைத்துப் போக, வாரக்கணக்கில் கிணறு திறந்தே கிடந்தது. இப்போது கழற்ற முடியாதபடி மூடியைக் கீலில் மாட்டி, பூட்டும் போட்டு, மோட்டார்க் குழாய்க்குத் தனித் துளை விடுகிறேன். குளத்து வேலியில் கம்பத்தை விடக் கதவுதான் முக்கியம். தானாகச் சாத்திக்கொள்ளாத கதவைக் குடம் சுமந்து வருபவர் யாரும் திரும்பிச் சாத்துவதில்லை. ஒரு கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்துவிடுவார்கள், வேலி வீணாகிறது.

பழைய நீச்சல்காரர்: கல் முட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பகம் ஒரு மணிக்கு மூடிய பிறகு என்ன செய்வது? வேலை ஐந்து மணி வரை நடக்கிறதே.

காப்பகப் பொறுப்பாளர்: அதற்கு என்னிடம் முழு விடையில்லை. நேரத்தை நீட்டினால் இன்னொரு பொறுப்பாளருக்குச் சம்பளம் வேண்டும். குழந்தையை உள்ளே விட்டு விளையாட வைக்கச் சிறு மர அடைப்புக் கூண்டு செய்து சில வீடுகளுக்குக் கொடுத்தோம். அது மட்டுமே மூழ்குவதைக் குறைக்கிறது என்று வங்கதேச ஆய்விலும் உறுதியாகவில்லை. இரண்டு வயதானதும் ஏறிக் குதித்துவிடுகிறார்கள். பிற்பகலில் யாராவது முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்திருந்தால், அது எத்தனை நாள் நிலைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.