முதல் செமஸ்டர் கணக்கும் பள்ளிப் பழக்கமும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

இரண்டாம் செமஸ்டர்க்காரன்

பிளஸ் டூ கணிதத்தில் 94 மதிப்பெண் வாங்கி, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ பாடத்தின் முதல் இன்டர்னலில் எனக்கு வந்தது நூற்றுக்கு 31.

பள்ளியில் ஒரே வகைக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் நான்கைந்து முறை போடுவார். காலைச் சிறப்பு வகுப்பிலும் பிறகு திருப்புதல் தேர்விலும் அதே கணக்கு வரும். கைடில் பார்த்து எழுதினாலும் அதற்குள் மனத்தில் பதிந்துவிடும். கல்லூரியிலோ ஒரு வகைக்கு ஒரு கணக்கு, மறுநாள் அடுத்த வகை. நான் பள்ளியில் செய்தபடியே வகுப்பு நோட்டை இரவில் படித்து, ஒவ்வொரு வரியும் புரிகிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன். புரிவது வேறு, போடத் தெரிவது வேறு என்பது தேர்வறையில்தான் உறைத்தது.

அதன்பிறகு ஒன்றை மாற்றினேன். வகுப்பில் போட்ட கணக்கை அன்று மாலையே நோட்டை மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்

தம்பி, இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதினாறு மதிப்பெண் வினாக்கள் ஐந்து. பதினாறு ஒவ்வொன்றும் ஒரு யூனிட்டிலிருந்து, ‘இது அல்லது அது’ என்ற முறையில் வரும். பழைய வினாத்தாள்கள் எட்டைப் போட்டுப் பார்த்தால் தேர்ச்சிக்குக் குறைவு இருக்காது. நானும் அப்படித்தான் தேறினேன். விடை சரியா என்று யாரிடமும் கேட்கவும் தேவையில்லை. ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் வர வேண்டும், பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி.

இரண்டாம் செமஸ்டர்க்காரன்

அண்ணா, அந்தச் சோதனையை நம்பித்தான் ஒரு நாள் ஏமாந்தேன். அணி இதுதான்:

```
 8  -6   2
-6   7  -4
 2  -4   3
```

எனக்குக் கிடைத்த சமன்பாடு λ³ − 18λ² + 53λ = 0. மூலங்கள் 0, 14.29, 3.71. கூட்டினால் 18, பெருக்கினால் 0, இரண்டும் பொருந்தின. ஆனால் 14.29-ஐப் பிரதியிட்டு ஐகன் வெக்டர் கண்டபோது x, y, z மூன்றும் பூஜ்ஜியமாகவே வந்தன. ஒரு மணி நேரம் அதையே மீண்டும் மீண்டும் போட்டேன்.

கணிதப் பேராசிரியை, மதுரை

இந்தத் தவறு விடைத்தாள்களில் நான் அடிக்கடி காண்பது. சமன்பாட்டின் நடுக்கெழு, மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று சிற்றணிக்கோவைகளின் கூடுதல். அவை 5, 20, 20, ஆகவே 45. நீங்கள் 8-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டி 28 என்று எழுதியிருப்பீர்கள், அதனால்தான் 53 ஆகியிருக்கிறது. மேலே சொல்லப்பட்ட இரண்டு சோதனைகளும் முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் மட்டுமே பார்க்கின்றன. நடுவில் பிழை இருந்தால் அவற்றுக்குத் தெரியாது.

உண்மையான சோதனை உங்கள் கையிலேயே வந்து நின்றது. மதிப்பு சரியென்றால் பூஜ்ஜியமல்லாத வெக்டர் ஒன்று கட்டாயம் கிடைக்க வேண்டும். மூன்றும் பூஜ்ஜியமானால் வெக்டரில் தேடாமல் சமன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். சரியான மதிப்புகள் 0, 3, 15. பதினைந்துக்குரிய வெக்டர் (2, −2, 1). அதை அணியால் பெருக்கினால் (30, −30, 15) வருகிறதல்லவா, அந்த ஒரு வரியே போதும், வேறொருவர் திருத்தித் தர வேண்டியதில்லை.

பள்ளியில் திருத்தும் வேலையை ஆசிரியர் செய்தார். இங்கே பாடத்திட்டம் ஒரு யூனிட்டுக்குத் தருவது 12 பீரியட். அதில் மூன்று டுட்டோரியலுக்கு உரியவை. அந்த மூன்றிலும்கூடப் பெரும்பாலோர் பலகையில் நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து நகலெடுக்கிறார்கள் என்பது என் நீண்டநாள் வருத்தம். “புரியவில்லை, மேடம்” என்று வருபவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்றே எனக்குத் தெரிவதில்லை. நின்றுபோன வரியைத் தாளோடு கொண்டுவருபவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒரு தந்தை, நாமக்கல்

என் மகளும் முதலாமாண்டுதான். பிளஸ் டூ வரை டியூஷனில் படித்தவள். கல்லூரிப் பாடத்துக்கு விடுதிக்கு அருகிலேயே டியூஷன் எடுப்பவர்கள் இருக்கிறார்களா, மாதம் எவ்வளவு கேட்பார்கள் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தமிழ்வழி மாணவி, இசிஇ

எனக்கு நேர்ந்தது வேறு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். கல்லூரியின் முதல் யூனிட்டும் அதன் தொடர்ச்சிதான். ஆனால் ‘இன்வெர்ஸ்’ என்று ஆசிரியர் சொன்னது நான் நூறு முறை கண்டுபிடித்த நேர்மாறு என்பதும், ‘ரேங்க்’ என்பது அணித்தரம் என்பதும் எனக்குப் பிடிபடவே இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை எல்லாமே புதுப்பாடம் என்று பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின்னர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசையாகச் சொற்களை எழுதத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் அறுபது சொற்கள் சேர்ந்தன. அவற்றில் முக்கால்வாசி எனக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். நோட்டை மூடிவைத்துப் போடும் முறை அதன்பிறகே எனக்குப் பயன்பட்டது. வினாவே புரியாதபோது அது வெறும் தண்டனையாகத்தான் இருந்தது.

நாமக்கல் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: டியூஷன் பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் மகள் தமிழ்வழியில் படித்தவரா என்று மட்டும் பாருங்கள்; அப்படியென்றால் அவருக்குக் கணக்கு வராமல் இருக்கக் காரணம் கணக்காகவே இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்

நடுக்கெழு விஷயத்தில் நான் சொன்னது அரைகுறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடம், இதே செமஸ்டரில் இயற்பியலும் வேதியியலும் பைத்தானும் இருக்கின்றன, ஆய்வக ரெக்கார்டும் எழுத வேண்டும். எல்லாப் பாடத்தையும் அன்றன்று மாலையே மூடிவைத்துப் போட எந்த மாணவனுக்கு நேரம் இருக்கிறது? பழைய வினாத்தாள் வழியை நான் கைவிடச் சொல்ல மாட்டேன்.

கணிதப் பேராசிரியை, மதுரை

கைவிட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். வினாத்தாள் உங்களுக்கு எது வரும் என்று காட்டும். எங்கே நிற்பீர்கள் என்று காட்டாது. நேரம் குறைவு என்பது உண்மைதான், அதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. கணக்குப் பாடத்துக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள் என்றுதான் என் வகுப்பில் சொல்கிறேன்.

இரண்டாம் செமஸ்டர்க்காரன்

நன்றி, மேடம். 28 என்று எழுதிய வரி என் தாளில் அப்படியே இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நானும் கணக்குக்கு மட்டுமே செய்தேன், அதுவும் வாரத்தில் மூன்று நாள் செய்திருந்தாலே அதிகம். இரண்டாம் இன்டர்னலில் 58 வந்தது. ஆனால் ஐந்தாம் யூனிட்டில் இரட்டைத் தொகையீட்டின் வரிசையை மாற்றும் கணக்குகளில் பகுதியை வரைந்து எல்லைகளைக் குறிக்கும்போது இன்றைக்கும் நின்றுவிடுகிறேன். அங்கே விடையைச் சோதிக்க இதுபோல் ஒரு வரி இருக்கிறதா?

கணிதப் பேராசிரியை, மதுரை

வரிசை மாற்றாமலே நேரடியாகத் தொகையிட முடிகிற கணக்காக ஒன்றை எடுத்து, இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். விடை ஒன்றாக வர வேண்டும். மாற்றினால்தான் தொகையிட முடியும் என்ற கணக்குகளுக்கு அது உதவாது. அவற்றுக்கு, இரண்டு வரிசையின் எல்லைகளுக்கும் சார்பின் இடத்தில் 1 வைத்துப் பரப்பளவைக் கணக்கிடுங்கள். பரப்பளவு மாறினால் எல்லையைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். நின்ற தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.