இங்கிலீஸ் மெனுவில ஒடியல் கூழை எப்பிடிப் போடுறது?

கனகராயன்குளத்தான்
ஏ9 ரோட்டுச் சாப்பாட்டுக்கடை ஒண்டில வேலை. ஞாயிறில ஒடியல் கூழ் காய்ச்சுவம். மெனுவில ஆரோ அதை "பால்மைரா பொரிட்ஜ்" எண்டு போட்டிருந்தவை. யாழ்ப்பாணம் போற வழியில இறங்கின வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு, மரக்கறி மட்டும் சாப்பிடுறவ, ஏதோ கஞ்சி எண்டு நம்பி எடுத்தா. கரண்டியில நண்டுக்கால் வந்திட்டுது. கரண்டியைக் கீழ வைக்காமல் என்னையே பாத்தா. எனக்கு வாய் எழும்பேல்லை. வேற என்ன பேர் போடலாம்?

வட்டக்கச்சி மச்சாள்
மொழிபெயர்க்கவே வேண்டாம். பிட்சாவை ஆர் மொழிபெயர்க்கினம்? ஒடியல் கூழ் எண்டே போடுங்கோ, கேட்டு அறியட்டும்.

முள்ளியவளை வழிகாட்டி
மச்சாள் சொன்னதில பாதி சரி. பேர் கட்டாயம் இருக்கவேணும், வந்தவர் சொல்லுற சொல்லுத்தான் பரிமாறுற பொடியனுக்கும் விளங்கவேணும். ஆனா பிட்சா உலகம் முழுக்கப் போன சாமான், கூழ் அப்பிடி இல்லை. பேருக்குக் கீழ ஒரு வரி போடுங்கோ: "நண்டு, இறால், மீன் போட்ட உறைப்பான தடித்த கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது." நண்டும் இறாலும் முன்னுக்கு வரவேணும், ஒவ்வாமை உள்ளவை முதல்ல அதைத்தான் தேடுவினம். மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் அந்த வரியில தேவையில்லை. மாவை ஊறவைச்சுக் கைப்பு எடுக்கிற கதையைக் கேட்டால் வாயால சொல்லலாம். "சூப்" எண்டும் போடாதேங்கோ. குடிச்சு முடிச்சிட்டு, சாப்பாடு எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருப்பினம். எங்களுக்கு அதுதானே சாப்பாடு.

செட்டிகுளம் ராசன்
எங்கட கடையில நடந்தது வேற. இடியப்பத்துக்கு "ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ்" எண்டு மட்டும் இருந்தது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒண்டு அட்டையைப் புரட்டிப்போட்டு, "இடியப்பம் கிடைக்காதா?" எண்டு கேட்டினம். அதாலை தமிழ்ப் பேர், இங்கிலீஸ் பேர் இரண்டையும் போடுங்கோ. சொதியைத் தனி வரியில போடாதேங்கோ, "தேங்காய்ப்பால் சூப்" எண்டு நினைச்சு முதல்லையே குடிச்சிட்டு வெறும் இடியப்பத்தோட இருப்பினம். இடியப்பத்துக்குக் கீழயே "ஊத்திச் சாப்பிட சொதி" எண்டு போடவேணும். எழுத்தும் பெரிசாய் இருக்கட்டும், படமும் போடுங்கோ, அட்டைக்கு பிளாஸ்ரிக் உறையும் வேணும், குழம்பு பட்டால் துடைக்கலாம்.

வட்டக்கச்சி மச்சாள்
எல்லாத்துக்கும் வரி போட்டால் அட்டை கொள்ளுமோ? ரொட்டிக்கும் விளக்கமோ?

முள்ளியவளை வழிகாட்டி
ரொட்டிக்கு வேண்டாம். பேரைப் பாத்து ஊகிக்க ஏலாத மீன், இறைச்சி இருந்தால் மட்டும் போடுங்கோ. தேங்காய்ச் சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுறனீங்களோ?

கனகராயன்குளத்தான்
சமைக்கிற அக்காட்டைக் கேட்டன். மாசி இருக்கிற நாள் போடுவாவாம்.

முள்ளியவளை வழிகாட்டி
அப்ப மாசி எண்டு எழுதத்தான் வேணும்.

வட்டக்கச்சி மச்சாள்
போடாத நாளிலயும் சைவக்காரர் தொடாமல் போவினமே? மாசியை விடச் சொல்லுங்கோ அக்காவை.

கனகராயன்குளத்தான்
அவ விடமாட்டா. கூழுக்கு அந்த வரியை எழுதிப்போட்டன். சம்பலை முதலாளியிட்டைத்தான் கேக்கவேணும்.