எண்ணெய் பாட்டில் வீடியோ: வெள்ளை சார்ட் சாம்பலா தெரியுது, கை வந்தா வெளிச்சம் மாறுது. உதவுங்க

கரிசாலை_கோபி

வணக்கம்ங்க. கோபி பக்கம் வீட்லயே கரிசலாங்கண்ணி தலை எண்ணெய் காய்ச்சி 100 மில்லி கண்ணாடி பாட்டில்ல விக்கிறேன். ஸ்டேட்டஸ்ல போட ஒரு 20 செகண்ட் வீடியோ எடுக்கணும், மூணு நாளா எடுத்து எடுத்து அழிக்கிறேன். பின்னாடி வெள்ளை சார்ட் ஒட்டிருக்கேன், நேர்ல பளிச்சுனு வெள்ளையா இருக்கு, போன்ல பாத்தா மழை மேகம் மாதிரி சாம்பல் கலர். பாட்டில எடுக்க கைய நீட்டுனா மொத்த வீடியோவும் திடீர்னு வெளுத்துப்போகுது, கை எடுத்ததும் மறுபடி இருட்டாகுது. எண்ணெய் நல்ல பச்சைங்க, ஆனா வீடியோல கருப்பு டீசல் மாதிரி இருக்கு, இதப் பாத்து யாரு வாங்குவாங்க.

ஜன்னல் மேற்கு பாத்தது. சாயங்காலம் 4 மணிக்கு எடுக்கறேன், அப்பதான் நல்லா வெயில் வருது. மேசைய எதிர் சுவத்த ஒட்டி போட்டிருக்கேன், ஜன்னல்ல இருந்து 8 அடி இருக்கும். பத்தலன்னு டியூப்லைட்டும் போட்டேன், அதுல கோடு கோடா மேல ஓடுற மாதிரி வேற தெரியுது. போன் சாதா ஆண்ட்ராய்டு.

செல்வா_எடிட்ஸ்

அக்கா வெளிச்சம் பத்தல அதான் சாம்பல். இன்னொரு டியூப்லைட் இல்ல ஒரு ரிங் லைட் நேரா வைங்க, வீடியோவ 60 ஃபிரேம்ல வைங்க ஸ்மூத்தா வரும். மீதி எடிட்டிங்ல ப்ரைட்னஸ் ஏத்திக்கலாம்.

மசாலா_வீடு

எனக்கும் இதே பிரச்சனை. சாம்பார் பொடி பாக்கெட், பளபளன்னு சில்வர் கவர், அதுல நானே தெரியறேன், பின்னாடி ஃபேன் சுத்துறதும் தெரியுது. பேக்ரவுண்ட அழிக்கிற ஆப் ஏதாச்சும் சொல்லுங்களேன்.

மண்டப_வீடியோ

கோபி அக்கா, கல்யாண வீடியோதான் என் தொழில், இடையில கடைங்களுக்கு பொருள் வீடியோவும் எடுத்துக் குடுக்கறேன். செல்வா தம்பி வெளிச்சம் பத்தலன்னு சொன்னது பாதி சரி, ஆனா ரிங் லைட்ட கண்ணாடி பாட்டிலுக்கு நேரா வச்சா அந்த வட்டம் அப்படியே பாட்டில்ல தெரியும். 60 ஃபிரேம் வச்சா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்க நேரம் கொறையும், வீட்டுக்குள்ள புள்ளி புள்ளியாத்தான் வரும். 25 இல்ல 30 போதும்.

மொதல்ல டியூப்லைட்ட அணைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக்கு டியூப் செகண்டுக்கு 100 தடவ மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, போன் அதப் பிடிச்சுக்கும், அதான் கோடு. அதோட டியூப் நீலம், சாயங்கால வெயில் மஞ்சள், ரெண்டும் கலந்தா போனுக்கு எது வெள்ளைன்னே பிடிபடாது.

இப்ப சாம்பல் ஏன்னு சொல்றேன். போனுக்கு அது சார்ட்டுன்னு தெரியாது. திரை முழுக்க வெளிச்சமா ஒன்னு இருந்தா, ஓ ரொம்ப வெளிச்சம்னு நெனச்சு அதுவா கொறச்சு நடுத்தர சாம்பலுக்குக் கொண்டு வந்துடும். கை வந்ததும் திரையில இருட்டு பகுதி கூடுது, உடனே ஏத்துது. கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, கருப்பு கை வச்ச சட்டையா போட்டிருந்தீங்க? ஆக உங்க ரெண்டு பிரச்சனையும் ஒன்னுதான். பாட்டில் லேபிள் மேல விரல அழுத்திப் பிடிங்க, பூட்டு படம் வரும், சில போன்ல AE/AF LOCK னு வரும். அப்புறம் பக்கத்துல வர்ற சூரிய படத்த மெதுவா மேல இழுங்க, சார்ட் வெள்ளையாகுற வரைக்கும், ஆனா லேபிள் எழுத்து வெளுக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடணும். இனிமே கை வந்தாலும் போனாலும் மாறாது. உங்க போன்ல பூட்டு நிக்கலன்னா Open Camera ன்னு இலவச ஆப் இருக்கு, அதுல பூட்டலாம்.

மேசையையும் மாத்துங்க. இப்ப ஜன்னலுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல நீங்களே நின்னு மறைக்கிறீங்க. மேசைய ஜன்னல் பக்கத்துல 2, 3 அடியில போடுங்க, வெளிச்சம் பாட்டிலுக்கு பக்கவாட்டுல வரணும். அந்தப் பக்கம் இருட்டா இருந்தா ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டைய நிறுத்துங்க. மேற்கு ஜன்னல்னா காலைல 10, 11 மணிதான் நல்லது, நேர் வெயில் வராது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். சாயங்காலம்தான் முடியும்னா பழைய வெள்ளை வேட்டிய ஒத்தையா ஜன்னல்ல கட்டிட்டு எடுங்க.

மண்டப_வீடியோ

எண்ணெய் கருப்பு விட்டுப்போச்சு. பச்சை தெரியணும்னா வெளிச்சம் எண்ணெய்க்குள்ள பூந்து வெளிய வரணும், முன்னாடி அடிக்கிற வெளிச்சம் கண்ணாடியிலயே திரும்பிடும். பாட்டிலுக்குப் பின்னாடி, பாட்டில விட கொஞ்சம் சின்னதா வெட்டுன வெள்ளை பேப்பர் இல்ல அலுமினியம் ஃபாயில், போனுக்குத் தெரியாத மாதிரி நிறுத்தி ஜன்னல் பக்கம் லேசா திருப்பிப் பாருங்க.

கரிசாலை_கோபி

அண்ணா ரொம்ப நன்றிங்க. ஆமா, கருப்பு நைட்டி, முழுக்கை!! இன்னைக்கு காலைல 10:30க்கு நீங்க சொன்ன மாதிரியே எடுத்தேன். டியூப் அணைச்சதும் கோடு போயிடுச்சு. பூட்டினதும் கை உள்ள போய் வந்தாலும் அப்படியே இருக்கு, இதுக்குத்தான் மூணு நாளு அழுதேன். சார்ட் இப்ப வெள்ளைக்கு ரொம்ப கிட்ட வந்துடுச்சு, மூலைல மட்டும் லேசா சாம்பல். நடுவுல ஒரு மேகம் வந்து இருட்டுச்சு, அந்த டேக் வேஸ்ட்.

ஆனா எண்ணெய் ஃபாயில் வச்சும் ஓரத்துல மட்டும்தான் பச்சை, நடுவுல கருப்புதான். அப்புறம் லேபிள்ல கம்பெனி பேரு தங்கக் கலர் எழுத்து, அது ஒரு பக்கம் வெள்ளையா எரியுது.

மண்டப_வீடியோ

பாட்டில் அகலம் ஜாஸ்திக்கா. ஓரத்துல எண்ணெய் மெல்லிசு, வெளிச்சம் தாண்டி வருது, நடுவுல தாண்ட முடியல. அவ்ளோ கெட்டியான பச்சைய முழு பாட்டில்ல காட்டுறது கஷ்டம். ஒரு ஷாட் தனியா எடுங்க, வெள்ளை பீங்கான் கிண்ணத்துல மெல்லிசா ஊத்துற மாதிரி, ஜன்னல் ஊத்துற தாரைக்குப் பின்பக்கமா இருக்கட்டும். தாரையும் கிண்ணத்தோட ஓரமும் பச்சையா தெரியும். தயவுசெஞ்சு எடிட்டிங்ல பச்சைய ஏத்தாதீங்க, வாங்கினவங்க கைல வேற கலர் வந்தா ஏமாத்திட்டாங்கம்பாங்க.

மசாலா வீடு, ஆப் வச்சு பின்னாடி இருக்கறத அழிச்சாலும் கவர் மேல விழுற ஃபேன் போகாது. கவர் எதப் பாக்குதோ அதத்தான் காட்டும், அதனால அதுக்கு எதிர்ல வெள்ளை சார்ட் நிறுத்தி நடுவுல ஓட்ட போட்டு லென்ஸ மட்டும் நீட்டுங்க. ஃபேன் அப்பவும் தெரிஞ்சா கவர லேசா முன்னாடி சாய்ங்க.

செல்வா_எடிட்ஸ்

அண்ணா அப்ப ரிங் லைட்ட பக்கவாட்டுல வேட்டிக்குப் பின்னாடி வச்சா ராத்திரியும் எடுக்கலாம்ல? என்கிட்ட இருக்கு, ட்ரை பண்ணிட்டு சொல்றேன்.

மண்டப_வீடியோ

பண்ணலாம் தம்பி, வேட்டி அகலமா ஒளிரணும், லைட்ட அதுக்கு ஒட்டி வைக்காம 2 அடி தள்ளி வை. அது ராத்திரிக்கு, ஜன்னல் வெளிச்சத்தோட கலக்காத.

கரிசாலை_கோபி

கிண்ணம் ஷாட் நாளைக்கு எடுக்கறேன்ங்க. தங்க எழுத்துக்கு மட்டும் இன்னும் வழி கெடைக்கல, பாட்டில திருப்புனா எழுத்து சரியாகுது ஆனா கண்ணாடில ஜன்னல் கம்பி விழுது. இது யாருக்காச்சும் வந்து சரி பண்ணிருந்தா சொல்லுங்க.