"இதை அவர் எந்தப் பக்கத்துல சொல்றார்?"

பொதிகைத்தும்பி
போன மாசம் வைவா முடிஞ்சுது. நல்லபடியாத்தான் போச்சு, ஒரே ஒரு இடத்துல மட்டும் வசமா மாட்டினேன்.

என் இரண்டாம் இயல்ல பெனடிக்ட் ஆண்டர்சனோட Imagined Communities புத்தகத்துல வர்ற அச்சு முதலாளித்துவம் பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மேற்கோள் குறி ஒண்ணு கூடக் கிடையாது, எல்லாமே என் சொந்த வார்த்தை. பத்தி முடிவுல இப்படிப் போட்டிருந்தேன்:

```
(Anderson, 1983)
```

வெளித்தேர்வாளர் அந்த இடத்துல விரல் வெச்சார். "அச்சு மொழிகள் மூணு வழியில தேசிய உணர்வுக்கு அடித்தளம் போட்டதுன்னு எழுதியிருக்கீங்க. மூணுன்னு அவரே எண்ணிச் சொல்றாரா, இல்ல நீங்க எண்ணினீங்களா? எந்தப் பக்கம்?"

புத்தகம் மேசை மேலதான் இருந்துச்சு. புரட்டறேன், புரட்டறேன், நான் பென்சில்ல கோடு போட்ட பக்கம் மட்டும் கண்ணுல படவே இல்ல. ரெண்டு நிமிஷம் யாரும் பேசல, ஃபேன் சத்தம்தான். கடைசியில "திருத்தத்துல சேர்த்துடுங்க"ன்னு விட்டுட்டார். எங்க துறையில ஆதாரம் காட்டறதுக்கு ஏபிஏ நடைதான். அதுல சொந்த வார்த்தைக்குப் பக்க எண் வேண்டாம்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க? உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

கரிசல்காடு
அவர் கேட்டதே தப்பு. ஏபிஏ ஏழாம் பதிப்புல மேற்கோளுக்குத்தான் பக்க எண் கட்டாயம், சொந்த வார்த்தையில எழுதினா ஆசிரியர் பேரும் வருஷமும் போதும். நான் முழு தீசிஸையும் அப்படித்தான் முடிச்சேன், ஒருத்தரும் வாய் திறக்கல. நீங்க கையேட்டைக் காட்டியிருக்கணும்.

மெய்ப்புத்தாத்தா
தம்பி சொல்வது பாதி சரி. கட்டாயம் இல்லைதான். ஆனால் நீளமான, சிக்கலான நூலாக இருந்து, படிப்பவர் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும் என்றால் பக்கத்தைக் கொடுக்கலாம் என்று அதே கையேடு சொல்கிறது. எம்எல்ஏ நடையில் (தொகுதிக்காரர் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை) பக்க எண் உள்ள நூலுக்குச் சொந்த வார்த்தையிலும் போட்டே ஆக வேண்டும். சிகாகோ அடிக்குறிப்பிலும் பக்கத்தை எதிர்பார்ப்பார்கள்.

முப்பது வருடம் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். விதியைவிட உங்கள் தேர்வாளரின் கேள்விதான் எனக்கு நல்ல அளவுகோலாகப் படுகிறது. "மூன்று" என்று எண்ணியது யார் என்ற ஐயம் வந்தால் பக்கம் வேண்டும். தேசம் என்பது கற்பித்துக்கொண்ட சமூகம் என்று பொதுவாகச் சொன்னால் அது புத்தகம் முழுவதன் வாதம், அதற்குப் பக்கம் தேட வேண்டியதில்லை. அந்த வரையறையின் கூறுகளை விவரித்தால் மட்டும் வேண்டும்.

அந்தப் பத்தியை இங்கே போடுங்கள். என்னிடம் 2006 பதிப்பு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.

சிவகாசி_குமார்
எனக்கும் இதே பக்க எண் தொல்லைதான்! முன்னுரைக்கு i, ii, iii, முதல் இயல்லேர்ந்து 1, 2, 3 வரணும். வேர்ட்ல செக்‌ஷன் பிரேக் போட்டும் இயல் 1 பதினாலாம் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. பைண்டிங் கடைக்காரர் வேற நாளைக்கே கேக்கறார்.

கரிசல்காடு
அண்ணே, இங்க பேசறது வேற பக்க எண் 😄 ஃபூட்டர்ல Link to Previous-ஐ எடுத்துட்டு, Format Page Numbers போயி Start at-ல 1 கொடுங்க.

பொதிகைத்தும்பி
ஐயா, என் பத்தியில நாலு வாக்கியம். (1) முதலாளித்துவம், அச்சுத் தொழில்நுட்பம், மனித மொழிகள் பலவா இருப்பது, இந்த மூணும் மோதினதுல புதுவகைச் சமூகம் சாத்தியமாச்சு. (2) அச்சு மொழிகள் மூணு வழியில அடித்தளம் போட்டுச்சு: லத்தீனுக்குக் கீழும் பேச்சு வழக்குகளுக்கு மேலும் ஒரு பொதுத்தளம், மொழிக்கு ஒரு நிலைத்தன்மை, சில வழக்குகளுக்கு மட்டும் அதிகாரம். (3) காலைல செய்தித்தாள் படிக்கிறது ஒரு கூட்டுச் சடங்கு மாதிரி. (4) அதனால வாசகர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே சக குடிமக்கள் ஆனாங்க.

மெய்ப்புத்தாத்தா
முதல் வாக்கியம் 42இல் தொடங்கி 43க்குப் போகிறது. இரண்டாவது 44-45, "மூன்று வழி" என்று ஆண்டர்சனே எண்ணுகிறார், உங்கள் தலையில் பழி இல்லை. மூன்றாவது முந்தைய இயலில், 35ஆம் பக்கம். ஆகவே பத்தி முடிவில் ஒரே அடைப்புக்குறியில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள், அந்தந்த வாக்கியத்தின் வாலில் போடுங்கள்:

```
(Anderson, 2006, pp. 42–43)
(Anderson, 2006, pp. 44–45)
(Anderson, 2006, p. 35)
```

செய்தித்தாளையும் மொழியின் நிலைத்தன்மையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதினால் `pp. 35, 44`. இடையில் கோடு போட்டால் 35 முதல் 44 வரை எல்லாப் பக்கத்திலும் அந்தக் கருத்து ஓடுகிறது என்று ஆகிவிடும்.

இன்னொன்று. நீங்கள் போட்ட ஆண்டு 1983. கையில் இருந்தது எது? தேசத்தின் வரையறை 1983 பதிப்பில் 15ஆம் பக்கம், பிந்தைய பதிப்புகளில் 6ஆம் பக்கம். ஆண்டு ஒரு பதிப்பிலிருந்தும் பக்கம் இன்னொன்றிலிருந்தும் வந்தால், தேடுபவருக்கு இரண்டிலும் கிடைக்காது.

பொதிகைத்தும்பி
கையில இருந்தது 2006 தான். "ஒரிஜினல் வருஷம் போடும்மா"ன்னு கைடு சொன்னார், போட்டேன். 😐

ஏட்டுச்சுவடி
எங்கள் தமிழ்த்துறையில் இந்தக் கவலை குறைவு. புறநானூறு 192 என்றால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் அதே பாட்டு. ஆனால் உ.வே.சா. 1894 பதிப்பின் முன்னுரையிலிருந்து ஒரு கருத்தை என் நடையில் சொன்னபோது, பாட்டு எண் போடும் பழக்கத்தில் பக்கத்தை விட்டுவிட்டேன். நெறியாளர் சிவப்பு மையில் "எங்கே?" என்று ஒரே சொல் எழுதி அனுப்பினார்.

மெய்ப்புத்தாத்தாவிடம் ஒரு மாறுபாடு. மூன்றாம் இயல் 37இலிருந்து 46 வரை கட்டிக்கட்டி எழுப்பிய வாதம். அதை 44-45 என்று சுருக்கினால், அவர் அங்கே போகிற போக்கில் சொன்னதுபோல ஆகாதா?

மெய்ப்புத்தாத்தா
நியாயமான கேள்வி. வாதத்தின் ஓட்டத்தைச் சொல்கிறீர்கள் என்றால் 37-46 சரி. "மூன்று வழி" என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு 37-46 போட்டால், பத்துப் பக்கத்தை என் தலையில் கட்டுகிறீர்கள் என்றுதான் நான் நினைப்பேன். வாக்கியம் எவ்வளவு அகலமோ பக்கமும் அவ்வளவு.

ஏட்டுச்சுவடி
எனக்கு முழுச் சம்மதம் இல்லை. "42 ff." என்று போடும் பழைய வழக்கமே இதற்குத் தோது என்பேன்.

மெய்ப்புத்தாத்தா
எங்கே முடிகிறது என்று அது சொல்லாதே ஐயா. சிகாகோவும் அதை விரும்புவதில்லை, முழு வீச்சையும் கொடுக்கத்தான் சொல்கிறது. உங்கள் நெறியாளர் ஏற்றால் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

கடலோரக்கவி
நான் கிண்டில்லதான் படிக்கிறேன். லொகேஷன் 812ன்னு போட்டேன், கைடு சிரிச்சார். ஏபிஏ அதை ஏத்துக்காதாம். பக்க எண் காட்டாத புத்தகத்துக்கு இயல் பேரும், மேலேர்ந்து எண்ணி எத்தனாவது பத்தின்னும் போடச் சொன்னார். எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு.

கரிசல்காடு
சரி, என் தீசிஸ்ல நானூறு இடத்துல பக்கமே இல்லையே, இப்ப என்ன செய்ய? ஒரே பத்தியில ஒரே பக்கத்துலேர்ந்து அஞ்சு வாக்கியம்னா அஞ்சு தடவையும் போடணுமா?

மெய்ப்புத்தாத்தா
வேண்டாம். ஆதாரம் மாறாதவரை முதல் வாக்கியத்தில் ஒரு தடவை போதும். நடுவில் உங்கள் சொந்தக் கருத்தோ வேறொருவரோ வந்துவிட்டால் மறுபடி போடுங்கள். நானூறையும் தொடாதீர்கள், "எண்ணியது யார்" என்று கேட்கத் தோன்றும் இடங்களுக்கு மட்டும் பாருங்கள்.

பொதிகைத்தும்பி
நேத்து ராத்திரி உக்காந்து நாலு வாக்கியத்துக்கும் பக்கம் போட்டேன். மூணுக்கு ஐயா சொன்னது அப்படியே இருக்கு. நாலாவதுக்கு நான் எழுதின மாதிரி ஒரு வரி எந்தப் பக்கத்துலயும் அகப்படல. கிட்டத்தட்ட வர்ற இடம் இருக்கு, ஆனா "குடிமக்கள்"னு போற அந்தக் கடைசித் தாவல் இல்ல. பழைய எம்.ஏ. நோட்டை எடுத்துப் பார்த்தா, அதுல என் கையெழுத்துல அந்த வாக்கியம் அச்சு அசலா இருக்கு, மேல "சார் சொன்னது"ன்னு போட்டு. அந்த வாக்கியத்தை எடுத்துட்டேன்.