வாரக் கணக்கு எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும்?

தையல்மேசை (திருப்பூர்):
பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். சனிக்கிழமை மாலை ஆறரை மணி போலச் சம்பளம் கையில் கிடைக்கும். வரவு செலவை மொபைல் செயலியில் எழுதி வருகிறேன். அது திங்கள் முதல் ஞாயிறு வரை கூட்டி வாரச் சுருக்கம் காட்டுகிறது. நன்றாகச் சம்பாதித்த வாரத்தில் பற்றாக்குறை என்கிறது, வேலை இல்லாத வாரத்தில் மிச்சம் என்கிறது. வாரம் தொடங்கும் கிழமையை மாற்றலாம் என்று அமைப்பில் இருக்கிறது. எதற்கு மாற்றுவது?

ஷிப்மெண்ட்:
மாற்றாதீர்கள் அக்கா. திங்கள்தான் சரி. தேதிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இல் வாரம் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் எங்களுக்கு அனுப்பும் ஆர்டர்களில் வார எண் போட்டுத்தான் சரக்கு கேட்பார்கள். ஆளுக்கு ஒரு கிழமை என்றால் யார் கணக்கும் யாருடனும் பொருந்தாது. ஞாயிறு ஓய்வு நாள், அதோடு வாரம் முடிவதுதான் இயல்பு. குழந்தைகளின் பள்ளியும் திங்களில்தான் தொடங்குகிறது.

புளியம்பட்டிக்காரன்:
கணக்கு தொடங்க நல்ல நாள் கேட்கிறீர்கள் என்றால் புதன்கிழமை தொடங்குங்கள் அம்மணி. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். தேய்பிறையில் மட்டும் வேண்டாம். எங்கள் தோட்டத்து நோட்டுப் புத்தகம் எல்லாமே புதனில் போட்டதுதான். மறுநாள் வியாழன் சந்தை, அதற்குள் கணக்கு கையில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, அவர் கேட்பது தொடங்கும் நல்ல நாளை அல்ல, ஒவ்வொரு வாரமும் எந்த இடத்தில் கோடு போட்டுக் கூட்டுவது என்பதை. ஆனாலும் நீங்கள் கடைசியாகச் சொன்னது இந்தக் கேள்விக்குப் பொருந்துகிறது. உங்கள் நோட்டு சந்தைக்கு முந்தைய நாள் தொடங்குகிறது. சந்தையில் வருவதும் போவதும் ஒரே பக்கத்தில் விழுகின்றன.

அம்மாவின் கணக்கில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் சனிக்கிழமை சம்பளம் 4,200 ரூபாய். அன்று இரவு மளிகை, ஞாயிறு கறி, வாரச்சீட்டு எல்லாம் சேர்த்து 1,800. திங்கள் முதல் அடுத்த சனி பகல் வரை 1,900. ஆக 3,700 போய் 500 மிச்சம். இரண்டாவது சனிக்கிழமை துணி வரத்து இல்லாததால் சம்பளம் 2,600தான். கையைக் கட்டி இரவும் ஞாயிறும் 1,100, திங்களிலிருந்து 1,400. மொத்தம் 2,500 போய் 100 மிச்சம். மூன்றாவது சனிக்கிழமை வேலை திரும்பி 4,000 வருகிறது. அன்று இரவும் ஞாயிறும் 1,700 செலவு.

இதைத் திங்கள் முதல் ஞாயிறு வரை வெட்டிப் பாருங்கள். முதல் துண்டில் வரவு இரண்டாவது சனியின் 2,600. செலவு 1,900 கூட்டல் 1,100, அதாவது 3,000. செயலி 400 ரூபாய் பற்றாக்குறை என்று சிவப்பில் காட்டும். ஆனால் அந்தத் திங்கள் முதல் சனி வரை அவர் செலவழித்தது 4,200 சம்பளத்திலிருந்து. அடுத்த துண்டில் வரவு 4,000, செலவு 1,400 கூட்டல் 1,700. 900 மிச்சம் என்று பச்சையில் காட்டும். ஆனால் அந்தத் திங்கள் முதல் சனி பகல் வரை அவர் கையைக் கட்டி இருந்தார். செயலி தவறாகக் கூட்டவில்லை. ஒரு சம்பளத்தின் செலவை அடுத்த சம்பளத்தோடு சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமையில் தொடங்கும்படி மாற்றுங்கள். ஒரு சம்பளமும் அது தாங்கும் செலவும் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

கனி மார்க்கெட்:
ஈரோட்டு ஜவுளிக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். பணம் எந்தக் கிழமை வருகிறதோ அந்தக் கிழமையில் வாரம் தொடங்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. எங்களுக்குச் செவ்வாய். கேரளாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து வாங்கும் வாரச்சந்தை அது. ஆகவே என் கணக்கு செவ்வாய் தொடங்கி திங்களில் முடிகிறது. திருப்பூருக்குச் சனி, ஈரோட்டுக்குச் செவ்வாய்.

கணக்குப்பிள்ளை:
பணம் வரும் கிழமையைப் பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் சந்தை செவ்வாய் காலை தொடங்குவதில்லையே. திங்கள் இரவே கடை விரித்துவிடுகிறீர்கள், மொத்த வியாபாரிகள் இரவோடு இரவாக வாங்குகிறார்கள். செவ்வாயில் கோடு போட்டால் நள்ளிரவு 12 மணிக்குச் சந்தை இரண்டாக வெட்டுப்படுகிறது. பதினொன்றரைக்குப் போட்ட பில் போன வாரத்தில், பன்னிரண்டரைக்குப் போட்ட பில் இந்த வாரத்தில். ஒரு வாரம் லாரி சீக்கிரம் வந்தால் பழைய வாரம் ஊதிப்போகும், தாமதமாக வந்தால் இளைத்துப்போகும். விற்பனை ஏறியதா இறங்கியதா என்று அந்தச் சுருக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உங்கள் வாரத்தைப் புதனில் தொடங்குங்கள், அல்லது திங்களில். எந்த இரவில் ஒன்றுமே நடப்பதில்லையோ அந்த இரவில்தான் கோடு விழ வேண்டும். கிழமையின் பெயரைவிட அதற்கு முந்தைய நள்ளிரவில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

கனி மார்க்கெட்:
இரவு வியாபாரத்தை நாங்கள் காலையில்தான் நோட்டில் ஏற்றுவோம். ஆகவே எல்லாமே செவ்வாய்த் தேதியில்தான் இருக்கிறது. என் நோட்டில் வெட்டுப்படவில்லை.

கணக்குப்பிள்ளை:
நோட்டில் சரி. கியூஆர் மூலம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும் பணம் உடனுக்குடன் பதிவாகிவிடும். நோட்டையும் வங்கிக் கணக்கையும் வாரவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள், திங்கள் இரவு வந்த தொகை அளவுக்கு இரண்டும் இடிக்கும்.

தையல்மேசை:
அப்படியென்றால் எனக்கும் அதே சிக்கல் வருகிறதே அண்ணா. சம்பளம் சனி மாலைதான். சனி பகலில் ஆகும் செலவு பழைய சம்பளத்திலிருந்து போவது. வாரம் சனியில் தொடங்கினால் அது புதுச் சம்பளத்தில் விழுமே?

கணக்குப்பிள்ளை:
விழும். அது எவ்வளவு என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். சனி பகலில் பஸ்ஸும் டீயும் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் அதே அளவு போவதால் ஒப்பீடு கெடாது. மகளிர் குழுத் தவணை போலப் பெரிய தொகை சனி பகலில் போகிறது என்றால் விடக்கூடாது.

அப்போது செயலியை விட்டுவிட்டு எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்டில் எழுதுவது நல்லது. A பத்தியில் தேதியும் நேரமும் இருக்கட்டும். சனிக்கிழமையில் தொடங்கும் சாதாரண வாரத்துக்கு இது போதும்:

```
=A2-MOD(A2,7)
```

ஒவ்வொரு வரிக்கும் அந்த வாரம் தொடங்கிய சனிக்கிழமையின் தேதியை இது தரும். எண்ணாகத் தெரிந்தால் செல்லின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றுங்கள். சனி மாலை ஆறு மணிக்கே கோடு விழ வேண்டும் என்றால்:

```
=INT(A2+0.25)-MOD(INT(A2+0.25)-1,7)
```

0.25 என்பது கால் நாள், ஆறு மணி நேரம். சனி மாலை ஆறு மணிக்குப் பிறகு எழுதியதெல்லாம் ஞாயிறாகக் கணக்கிடப்படும், வாரம் ஞாயிறில் தொடங்கும். தேதி மட்டும் எழுதி நேரம் எழுதாவிட்டால் இது பயன்படாது. எல்லாம் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, சனிக்கிழமைச் சம்பளம் பழைய வாரத்துக்கே போய்விடும். அதுதான் அடையாளம்: சம்பளம் தவறான வாரத்தில் தெரிந்தால் நேரம் விடுபட்டிருக்கிறது.

ஷிப்மெண்ட்:
இவ்வளவு சுற்றுவதற்கு, சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் எழுதி ஞாயிறு முதல் சனி என்று வைத்துவிடலாமே. அதைவிடப் பெரிய கேள்வி வேறு. சம்பளத்துக்குச் சனி, சந்தைக்குப் புதன் என்று போனால் வார எண் என்ன ஆகும்? எனக்கு 32ஆம் வாரம் சரக்கு என்றால் எல்லாருக்கும் அதே ஏழு நாட்களாக இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
தேதி மாற்றி எழுதுவது வீட்டுக் கணக்குக்குப் பரவாயில்லை, ஆனால் சம்பளச் சீட்டோடு பின்னால் ஒத்துப்பார்க்கும்போது ஒரு நாள் இடிக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

வார எண் விஷயத்தில் நீங்கள் சொல்வது உங்கள் வேலைக்கு முழுக்கச் சரி. ஆனால் திங்களில் தொடங்கினாலே எண் பொருந்திவிடும் என்று நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ முறையில் ஆண்டின் முதல் வியாழன் இருக்கும் வாரம்தான் 1. எக்ஸெலில் வார எண் தரும் WEEKNUM சூத்திரம், ஒன்றும் சொல்லாமல் விட்டால், ஞாயிறில் தொடங்கி, ஜனவரி 1 இருக்கும் வாரத்தை 1 என்று எண்ணும். 2026இல் சனி தவிர்த்த வேலை நாட்களில் பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போவதால் யாருக்கும் தெரியாது. 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஜனவரி 4 திங்களை WEEKNUM 2 என்று சொல்லும், ஐஎஸ்ஓ வார எண் தரும் ISOWEEKNUM சூத்திரம் 1 என்று சொல்லும். அதன் பிறகு ஆண்டு முழுக்கத் திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம் தள்ளியே நிற்கும். உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர் கேட்கும் 32ஆம் வாரத்துக்கு ISOWEEKNUM போட வேண்டும். அம்மாவுக்கு வார எண்ணே வேண்டாம், தொடக்கத் தேதி போதும்.

ஷிப்மெண்ட்:
2026இல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறுபடும் என்று நினைக்கிறேன், சனியில் அல்ல. மற்றபடி சரி. ஆனால் அக்கா பீஸ் கணக்கும் எழுதுவார் அல்லவா? சில கம்பெனிகளில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஓரிரு நாள் முன்பே பீஸ் எண்ணி முடித்துவிடுவார்கள். பணத்துக்குச் சனி, பீஸுக்கு வெள்ளி, வீட்டுக்குத் திங்கள் என்று ஒரு மனிதர் மூன்று வாரம் வைத்துக்கொண்டு வாழ முடியுமா? அதனால்தான் ஒரே வாரம், அது திங்கள் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறு என்பதே சரி, திருத்தத்துக்கு நன்றி. மூன்று வாரம் பற்றி: பீஸுக்குத் தனிக் கோடு வேண்டும் என்றே சொல்வேன். வியாழன் எண்ணி முடிக்கிறார்கள் என்றால் வெள்ளி தைத்தது அடுத்த சம்பளத்தில்தான் வரும். சனி முதல் வெள்ளி வரை எண்ணிய பீஸை ரேட்டால் பெருக்கினால் சம்பளச் சீட்டோடு எந்த வாரமும் பொருந்தாது. கம்பெனி ஏமாற்றுகிறது என்று வீணாகச் சந்தேகம் வரும், உண்மையிலேயே குறைத்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

தையல்மேசை:
எங்களுக்கு வியாழன் இரவுதான் பீஸ் நோட்டை வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் பீஸுக்கு வெள்ளி, பணத்துக்குச் சனி என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று. நடுவில் புதன்கிழமை அட்வான்ஸ் வாங்கினால் அதை எந்த வாரத்தில் எழுதுவது? தீபாவளி போனஸ்?

கணக்குப்பிள்ளை:
அட்வான்ஸ் வாங்கிய தேதியில் கடன் என்று எழுதுங்கள், வரவு என்று வேண்டாம். சனிக்கிழமை முழுச் சம்பளத்தையும் வரவு வைத்து, பிடித்த தொகையைக் கடன் அடைத்ததாக எழுதுங்கள். போனஸை வாரச் சுருக்கத்திலேயே சேர்க்காதீர்கள், தனித் தலைப்பில் இருக்கட்டும். செயலியில் கிழமையை மாற்றியதும் பழைய சுருக்கங்களும் புதுக் கோட்டின்படி மாறிவிடலாம். மாற்றும் முன் பழையதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஷிப்மெண்ட்:
கடன் என்று எழுதினால் கையில் இருக்கும் பணமும் சுருக்கமும் அந்த வாரம் இடிக்குமே. என் வீட்டில் அட்வான்ஸை வரவாகத்தான் எழுதுகிறோம்.