பார்சலா, ஃபுல் லோடா? வாராவாரம் சரக்கு அனுப்புகிறவர்களின் அனுபவங்கள்

பீளமேடு கிரைண்டர்

ஹைதராபாத் டீலர் அனுப்பிய அந்த வீடியோ இன்னும் மனதை அறுக்கிறது. பெட்டியின் வெளியே ஒரு கீறல் இல்லை. அவர் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி மெல்லச் சாய்க்கிறார். உள்ளே கல் உருண்டு மோதும் சத்தம் கேட்கிறது. திறந்தால், உருளைக் கல் தெர்மோகோல் பள்ளத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பிளாஸ்டிக் உடலைப் பிளந்திருக்கிறது.

எங்களுடையது டேபிள் டாப் கிரைண்டர். சனிக்கிழமைதோறும் 120 பெட்டிகள் அந்த ஒரே டீலருக்குப் போகும். பார்சல் சர்வீஸில் போட்டால் கோவையில் ஏற்றி, பெங்களூரு குடோனில் இறக்கி மாற்றி, ஹைதராபாத் குடோனில் மறுபடி இறக்கி, அங்கிருந்து சின்ன வண்டியில் கடைக்குப் போகிறது. இத்தனை கை மாறும்போது யாரோ ஓரிடத்தில் பெட்டியைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சில பெட்டிகள் உடைந்தன.

இப்போது இரண்டு வாரச் சரக்கைச் சேர்த்து 240 பெட்டிகளாக, 17 அடி வண்டி ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுத்து ஃபுல் லோடாக அனுப்புகிறேன். உடைசல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வாடகை 34,000 ரூபாய். பார்சலில் கிலோவுக்கு 7 ரூபாய். ஆனால் 12 கிலோ பெட்டிக்கு 22.5 கிலோ என்று பில் போடுகிறார்கள். ஃபுல் லோடில் பணமும் மிச்சம்தான். ஆனால் இரண்டாவது வாரம் கடையில் ஓடும் மாடல் தீர்ந்துவிடுகிறது என்று டீலர் கோபப்படுகிறார். இப்படி அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சிவகாசி காலண்டர்

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு டன்னைத் தாண்டினால் ஃபுல் லோடு, அதற்குக் கீழே பார்சல். நான் பல வருடங்களாக இப்படித்தான் செய்கிறேன்.

ஒரே ஒரு முறைதான் அது தப்பியது. விஜயவாடாவுக்கு ஒன்றரை டன் காலண்டரை டிசம்பர் கடைசியில் பார்சலில் போட்டேன். குடோனில் சரக்கு குவிந்து கிடந்தது. ஜனவரி 6 அன்றுதான் கட்டு போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் திட்டவில்லை. "இதை நான் யாருக்குக் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஓசூர் டிஸ்பாட்ச்

சிவகாசி அண்ணா, உங்கள் சரக்கு காகிதம். அதில் எடைதான் முதலில் நிற்கும், அதனால் அந்தக் கணக்கு உங்களுக்குச் சரி. கிரைண்டர் பெட்டியில் பாதி காற்றும் தெர்மோகோலும். பார்சல்காரர் எடைக்குப் பில் போடவில்லை, அது அடைக்கும் இடத்துக்குப் போடுகிறார்.

பீளமேடு அண்ணா, உங்கள் பெட்டி 18, 12, 18 அங்குலமாகத்தான் இருக்கும். மூன்றையும் பெருக்கி 1728 ஆல் வகுத்தால் 2.25 கன அடி. ஒரு கன அடிக்கு 10 கிலோ என்று வைத்தால் 22.5 கிலோ. உங்கள் பில்லில் இருப்பது அதுதான். அந்தப் பத்து எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. 6, 7, 8 என்று பேசி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் ஒரே ஊருக்கு 120 பெட்டிகள் தருகிற உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

இப்போது வாரத்துக்கு 18,900 ரூபாய், இரண்டு வாரத்துக்கு 37,800. அதனால்தான் 34,000 ரூபாய் வண்டி மலிவாகத் தெரிகிறது. பத்தை ஏழாக்கினால் இரண்டு வாரத்துக்கு 26,460 ரூபாய்தான். அப்போது கணக்கு தலைகீழ். பத்தைக் குறைத்தால் கிலோ விலையைக் கூட்டுவார்கள், பரவாயில்லை. 9 ரூபாய் என்றாலும் வாரத்துக்கு 17,010 தான் வருகிறது. எப்போதும் இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்; கிலோ விலையை மட்டும் பேசுகிறவர் ஏமாறுவார்.

எங்கள் கம்பெனியில் நடந்தது இது. அடுக்கி வைத்ததில் பெட்டி நடுவில் ஓர் அங்குலம் உப்பிவிட்டது. குடோனில் அளவு நாடாவைச் சரியாக அந்த உப்பிய இடத்தில் சுற்றி அளந்து, அந்த மாதம் முழுவதற்கும் திருத்திய பில் அனுப்பினார்கள். அதன் பிறகு, அனுப்பும் முன்பே நாடாவோடு புகைப்படம் எடுத்து வைக்கிறேன்.

நாமக்கல் லாரி

நான் வண்டி ஓட்டி, இப்போது சொந்தமாக வண்டிகள் வைத்திருப்பவன். இரண்டு டன் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 240 கிரைண்டர் மூன்று டன்கூட இல்லை; 17 அடி வண்டி ஐந்து டன் தாங்கும். எடை ஏறுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும்.

தம்பி, 17 அடி என்பது 204 அங்குலம். அகலம் 72 அங்குலம் இருந்தால் வரிசைக்கு 4 பெட்டிகள், நீளத்தில் 17 வரிசை, ஓர் அடுக்குக்கு 68. நாலு அடுக்குக்கு மேல் வைத்தால் அடிப்பெட்டி நசுங்கும். ஆக 272. உங்கள் 240 தாராளமாக நிற்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் உள்ளகலம் 72 கிடையாது. 70 அங்குலம் என்றால் நாலாவது பெட்டி நுழையாது. பெட்டியைத் திருப்பி வைத்தால் அடுக்குக்கு 55, மொத்தமே 220. மிச்சம் இருபதை ஆட்கள் மேலே ஐந்தாவது அடுக்காகத் திணிப்பார்கள். உடைசல் அங்கேதான் ஆரம்பிக்கும். புரோக்கர் "17 அடி" என்று சொன்னால் நம்பாதீர்கள், உள்ளகலத்தைக் கேளுங்கள்.

உங்கள் கேள்விக்கு வேறு வழியும் உண்டு. பார்ட் லோடு. இரண்டு மூன்று பேருடைய சரக்கு ஒரே வண்டியில், குடோன் மாற்றாமல் நேராகப் போகும். வாரம் 120 பெட்டிகளே அனுப்பலாம். குறையும் உண்டு. மற்ற சரக்கு சேரும்வரை வண்டி நிற்கும். ஏற்றிய அன்றே வண்டி எண்ணைச் சரக்கோடு போகும் ஈ-வே பில்லில் போட்டுவிட்டால், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காலம் ஓட ஆரம்பித்துவிடும். வண்டி கிளம்பும்போது போடுங்கள். இன்னொன்று, லாரி ரசீதான எல்.ஆரில் "மேலே சரக்கு ஏற்றக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். அட்டைப் பெட்டிகளின் தலையில் இரும்புக் குழாய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த வண்டியை நான் ஹைதராபாத்தில் பார்த்திருக்கிறேன். பிரித்தபோது அந்த முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேனி ஊறுகாய்

நானும் இதே கேள்வியோடு தவிக்கிறேன். வாரம் 40 கிலோ ஊறுகாய், பொடி வகைகளைச் சென்னைக்கு பஸ் பார்சலில் அனுப்புகிறேன். போன மாதம் ஒரு பாட்டில் உடைந்து பக்கத்துப் பார்சலில் இருந்த யாரோ ஒருவரின் பட்டுப் புடவையில் எண்ணெய் இறங்கிவிட்டது. அந்த அம்மா அழுதது காதிலேயே நிற்கிறது. எனக்கு ஃபுல் லோடு ஒத்துவருமா?

ஓசூர் டிஸ்பாட்ச்

அக்கா, 40 கிலோவுக்கு வண்டி வேண்டாம். கண்ணாடி பாட்டிலை விட்டு பெட் பிளாஸ்டிக் ஜாருக்கு மாறி, மூடிக்கு உள்ளே சீல் போடுங்கள். அதுவே போதும்.

திருச்சி ஃபேப்ரிகேஷன்

எங்கள் பேனல் ஒன்று வளைந்து போய்ச் சேர்ந்தது. நஷ்டஈடு கேட்டபோது புக்கிங் ஆபீஸ்காரர் எல்.ஆரின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். "ஓனர்ஸ் ரிஸ்க்." அதாவது, சேதமானால் சரக்குக்காரர் பொறுப்பு. அந்தப் பென்சில் கோடு இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், பில்லில் மிச்சம் பிடிப்பதற்கு முன் பொறுப்பு யாருடையது என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் இருக்கின்றன. சரக்கு போனாலோ உடைந்தாலோ, வாடகையின் பத்து மடங்குவரைதான் டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பு. அதிக மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால்தான் அதற்கு மேல் கிடைக்கும். பீளமேட்டுக்காரர் ஒரு வாரத்துக்கு 18,900 கட்டினால் உச்ச வரம்பு 1,89,000. கிரைண்டர் ஒன்று 3,000 ரூபாய் என்றால் சரக்கின் மதிப்பு 3,60,000. வண்டியே எரிந்துபோனால் பாதிதான் திரும்பும். வாடகையைப் பேசிக் குறைக்கக் குறைக்க இந்த வரம்பும் குறைகிறது என்பதை ஓசூர்க்காரர் சொல்லவில்லை.

வழக்குப் போட வேண்டுமென்றால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தொலைபேசியில் சண்டை போட்டதெல்லாம் செல்லாது. டெலிவரி வாங்கும்போது ரசீதிலேயே குறிப்பு எழுத வேண்டும். பீளமேட்டுக்காரருடைய பெட்டியில் வெளியே கீறலே இல்லை என்பதால் "உங்கள் பேக்கிங் சரியில்லை" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். சாய்த்தால் நிறம் மாறும் ஸ்டிக்கர் கிடைக்கிறது; வாரத்துக்குப் பத்துப் பெட்டிகளில் ஒட்டினாலே வழியில் கவிழ்க்கிறார்களா என்று பிடித்துவிடலாம். ஆண்டு முழுவதற்கும் மரைன் ஓப்பன் பாலிசி என்ற சரக்குக் காப்பீட்டை எடுங்கள். பெயரில் கடல் இருந்தாலும் சாலைக்கும் அதுதான்.

சிவகாசி காலண்டர்

ஐயா, அவர் கேட்டது டீலரின் கோபத்தைப் பற்றி. நீங்கள் நீதிமன்றத்துக்கே கூட்டிப் போய்விட்டீர்கள். என் கணக்கில் முக்கியமானது முடங்கும் பணம். ஒரு வாரச் சரக்கைக் குடோனில் வைத்துக் காத்திருந்தால் வட்டியே தின்றுவிடும்.

ஓசூர் டிஸ்பாட்ச்

வட்டி தின்னாது அண்ணா. 3,60,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று போட்டால் ஒரு வாரத்துக்குச் சுமார் 830 ரூபாய். நான்கு உடைந்த கிரைண்டர் அதைவிடப் பல மடங்கு. உண்மையான நஷ்டம் கடையில். வந்த வாடிக்கையாளர் மாடல் இல்லை என்றதும் பக்கத்துக் கடையில் வேறு கம்பெனிப் பொருளை வாங்கிவிடுவார். அதற்கு ஃபுல் லோடை விட வேண்டியதில்லை. நடு வாரத்தில் தீர்ந்த மாடலை மட்டும் இருபது பெட்டிகள் பார்சலில் போடுங்கள். இப்போதைய விலையிலேயே 3,150 ரூபாய்தான்.

பீளமேடு கிரைண்டர்

பார்சல்காரரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். கன அடிக்கு 8 கிலோ, கிலோவுக்கு 8 ரூபாய் என்று இறங்கினார். இரண்டு வாரத்துக்கு 34,560 வருகிறது. ஃபுல் லோடு 34,000. பணத்தில் இப்போது வித்தியாசமே இல்லை. உடைசலுக்காக வண்டியிலேயே தொடர்கிறேன், இருபது பெட்டி யோசனையையும் இந்த வாரம் முயல்கிறேன். ஆனால் அந்த இருபதும் அதே பெங்களூரு குடோன் வழியாகத்தான் போகும் என்பது உறுத்துகிறது. நாமக்கல் அண்ணா, இருபது பெட்டிகளைப் பார்ட் லோடில் எடுப்பார்களா?

நாமக்கல் லாரி

இருபதை எடுப்பார்கள், ஆனால் எந்த நாளில் போகும் என்று வாக்குத் தர மாட்டார்கள். டீலருக்கு அவசரம் என்றால் அது உதவாது. பார்சலிலேயே போடுங்கள், இருபதையும் ஒரே மரப் பலகைமேல் நான்கு அடுக்காக வைத்து, ஸ்ட்ராப் கட்டி அனுப்புங்கள். 240 கிலோவைக் கையால் தூக்கி எறிய யாராலும் முடியாது. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ராப்பை வெட்டி ஒவ்வொன்றாக இறக்குவார்கள்.